சேரமான் பெருமாள் எங்கே போனார்? அடியார் வரலாறுகளைச் சமூக நினைவாக வாசித்தல் குறித்து

ஆடிச் சுவாதி நெருங்கும்போதெல்லாம் முகநூலில் ஒரு பழைய வழக்கு புதிதாகத் தொடங்கிவிடுகிறது. கொடுங்கல்லூரிலிருந்து ஆண்ட சேரமான் பெருமாள், சுந்தரரோடு கயிலை சென்றார் என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். அவர் இஸ்லாத்தைத் தழுவி மக்கா சென்றார் என்று மறு சாரார் எழுதுகின்றனர். இரண்டும் கட்டுக்கதை என்று மூன்றாம் சாரார் தீர்ப்புச் சொல்லி முடிக்கின்றனர். கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் ஆய்வு செய்யும் எனக்கு இவ்வழக்கு வெறும் இணையச் சண்டையாகத் தோன்றுவதில்லை. இங்கே 'சேரமான் பெருமாள்' என்றால் தமிழ் பயிலும் மாணவருக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார்; மலையாளம் பயிலும் மாணவருக்கு வேறொருவர் நினைவுக்கு வருகிறார். இருவரும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டவர்கள். இருவரும் திரும்பி வராதவர்கள்.

மூன்று சாராரும் கேட்கும் கேள்வி ஒன்றே: 'அவர் உண்மையில் எங்கே போனார்?' இது ஒரு தனிமனிதரின் வாழ்க்கை வரலாற்றைத் தேடும் கேள்வி. அடியார் வரலாறுகள் இக்கேள்விக்கு விடை தரும் பொருட்டு எழுதப்பட்டவை அல்ல. 'எங்களிடம் இன்றுள்ள இது எப்படி எங்களுக்கு வந்தது?' என்பதே அவை விடை சொல்லும் கேள்வி. இது என்பது ஒரு பதிகமாகலாம், ஒரு கோயிலாகலாம், ஒரு பள்ளிவாசலாகலாம், ஒரு சிற்றரசின் உரிமையாகலாம். கேள்வியை இவ்வாறு மாற்றிக்கொண்டால், பொய் என்று தள்ளத் தோன்றும் பகுதிகளே அதிகம் பேசத் தொடங்குகின்றன. சேரமானின் கதையைக் கொண்டே இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கதை வளர்ந்த அடுக்குகள்

நாயன்மார்களின் பெயரடைவுக்கு மூலம் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் சேரமானுக்குக் கிடைப்பது ஒரு சிறு தொடர் மட்டுமே. அவர் பெயர் அங்கே 'கழறிற்றறிவார்'. அவருடைய கொடை பாராட்டப்படுகிறது. யானையோ குதிரையோ கயிலையோ அங்கில்லை. சேர நாட்டின் பெயர்கூட இல்லை.

அடுத்த அடுக்கு நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அதில் இரண்டு செய்திகள் சேர்கின்றன. உவர்மண் படிந்த உடலோடு எதிரே வந்த வண்ணார் ஒருவரைத் திருநீறு பூசிய அடியாரென எண்ணிச் சேரர் வணங்கினார் என்பது ஒன்று. சுந்தரருக்குச் சிவன் அளித்த யானைக்கு முன்னே தம் குதிரையைச் செலுத்தினார் என்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் ஒரு பாட்டளவில் சுருக்கமாக நிற்கிறது. கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும். ஆகவே நம்பி சொல்வதற்கு முன்பே இவை வாய்மொழியில் உலவியிருக்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு எழுத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள் வழியில், பிற்காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த சோழர் கால ஓவியங்களில், வெள்ளை யானை மேல் சுந்தரரும் குதிரை மேல் சேரமானும் கயிலை நோக்கி விரைகின்றனர். பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது என்பதை நினைவில் வைத்தால், பெரியபுராணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இக்காட்சி முழு வடிவம் பெற்றுவிட்டது என்பது உறுதியாகிறது.

நான்காவது அடுக்கு, இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். ஒரு தொடராக இருந்தது இங்கே கழறிற்றறிவார் நாயனார் புராணமாகவும், நூலை நிறைவு செய்யும் வெள்ளானைச் சருக்கமாகவும் விரிகிறது. பெருமாக்கோதையார் என்ற பிள்ளைப்பெயர், திருவஞ்சைக்களத்தில் கோயிற்பணி, செங்கோற்பொறையன் துறவு பூண்டபின் அமைச்சர்கள் வந்து அழைத்தல், பூசை முடிவில் கேட்கும் சிலம்பொலி, அது கேளாத நாளில் வாளை உருவித் தம்மை முடித்துக்கொள்ளத் துணிதல், ஆரூர் சென்று சுந்தரரோடு நட்புக் கொள்ளுதல் ஆகியவை எல்லாம் இந்த அடுக்கில்தான் நமக்கு முழுமையாகக் கிடைக்கின்றன.

அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது, பிந்தியதைப் பொய்யென்று கழித்து முந்தியதை மெய்யென்று வைத்துக்கொள்வதற்காக அன்று. ஒவ்வோர் அடுக்கிலும் எதைச் சேர்த்தார்கள், அப்போது அதைச் சேர்க்க என்ன தேவை இருந்தது என்று கேட்பதற்காகவே பிரிக்கிறோம்.

2. பாட்டு எப்படித் திரும்பி வந்தது?

ஏழாம் திருமுறையின் நூறாம் பதிகம் சுந்தரரின் நொடித்தான்மலைப் பதிகம். யானை அளிக்கப்பட்டதைச் சுந்தரரே தன்மையில் சொல்லும் பாட்டு அது. அதன் இறுதியில் அவர் கடலின் அரசனை விளித்து, இப்பாட்டை அஞ்சைக்களத்து இறைவனுக்கு அறிவிக்கச் சொல்கிறார். பதிகத்தில் சேரமானின் பெயர் எங்கும் இல்லை.

இதிலிருந்து ஓர் இயல்பான ஐயம் எழும். கயிலைக்குப் போகும் வழியில் பாடிய பாட்டு, போனவர் திரும்பாதபோது, மண்ணுலகில் எவ்வாறு கிடைத்தது? சேக்கிழார் இந்த ஐயத்தைத் தவிர்க்கவில்லை. பதிகம் வருணனிடம் ஒப்படைக்கப்பட்டு, அவன் வழியாகத் திருவஞ்சைக்களம் சேர்ந்தது என்கிறார். சேரமானின் திருக்கயிலாய ஞானவுலாவுக்கும் இதே ஐயம் உண்டு. கயிலை வாயிலில் தடுக்கப்பட்டு, சுந்தரரின் வேண்டுகோளால் உள்ளே அழைக்கப்பட்ட சேரமான், இறைவன் முன்னிலையில் அரங்கேற்றிய நூல் அது. அங்கே கேட்டிருந்த மாசாத்தனார் அதைத் திருப்பிடவூரில் உலகறியச் செய்தார் என்று சேக்கிழார் முடிக்கிறார்.

வாழ்க்கை வரலாறாகப் படித்தால் வருணனும் சாத்தனும் நம்பற்கரிய பாத்திரங்கள். நினைவாகப் படித்தால் அவை இரண்டு முகவரிகள். ஒரு பாட்டைத் தன்னுடையதென்று காத்தது மேலைக்கடல் ஓரத்துத் துறைமுகக் கோயில். ஒரு நூலைத் தன் வழியாக உலகம் பெற்றதென்று சொல்லிக்கொண்டது சோழநாட்டுத் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஓர் ஊர். கடற்கரை ஊருக்குக் கடல் தூதனாகிறது. உள்நாட்டு ஊருக்கு அவ்வூரின் சாத்தன் தூதனாகிறான். நூல்கள் எங்கே போற்றப்பட்டன, யார் வழியாகப் பரவின என்ற செய்தி அற்புதத்தின் வடிவில் இங்கே பதிவாகியிருக்கிறது. சுந்தரர் எந்த ஆண்டு மறைந்தார் என்பதை இப்பகுதி சொல்லாது. 12ஆம் நூற்றாண்டுச் சைவர் தம் நூல்களின் வழிமரபை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைத் தெளிவாகச் சொல்லும்.

3. பகைநாட்டு மன்னன் சோழர் சுவரில்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தஞ்சை ஓவியம். அதை வரைவித்த கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன். அவனுடைய மெய்க்கீர்த்தி முதலில் எடுத்துச் சொல்லும் வெற்றி காந்தளூர்ச் சாலை வெற்றி. காந்தளூர்ச் சாலை இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நான் இதை எழுதும் இடத்திலிருந்து சிறிது தொலைவு. அங்கே தொடங்கிய சோழ–சேரப் பகை அடுத்த நூறாண்டுக்கும் மேலாக விட்டுவிட்டுத் தொடர்ந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சோழர் படை கொல்லம் வரை வந்தது.

இந்தப் பகை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வெற்றியைக் கல்லில் பொறித்த மன்னனின் கோயிலில், கருவறைக்கு மிக அருகில், ஒரு சேர மன்னன் விண்ணில் குதிரையேறிச் செல்கிறான். பகை முற்றி முடிந்தபின், சோழன் அவையின் அமைச்சராகவே மரபு சொல்லும் சேக்கிழார், தம் நூலின் இறுதிச் சருக்கத்தில் அதே சேரனுக்கு இடம் தருகிறார். பொதுக் கோயிற்சுவர்களில் மெய்க்கீர்த்தி சொல்லும் சேரன் தோற்றவன். உள்வழி ஓவியத்தின் சேரன் கயிலை புகுந்தவன்.

இதைச் சமரசம் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. சேக்கிழார் மதுரையில் அமைக்கும் ஒரு காட்சியைப் பாருங்கள். சுந்தரரும் சேரமானும் தென்னாட்டுத் தலங்களை வழிபட்டு மதுரை வருகின்றனர். பாண்டியன் எதிர்கொண்டு வரவேற்கிறான். பாண்டியன் மகளை மணந்த சோழனும் அங்கே இருக்கிறான். மூவேந்தரும் ஒரு பாடகரைச் சூழ்ந்து நின்று கோயில்களை வழிபடுகின்றனர். வரலாற்றில் இம்மூவரின் நாடுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட காலத்துக்குப் பின் எழுதப்பட்ட காட்சி இது. போர்ப் பாதைகளாக இருந்த அதே வழிகள் இங்கே தலயாத்திரை வழிகளாகின்றன. சேரமானோடு கொடுங்கல்லூர் போய்ப் பொருளோடு திரும்பும் சுந்தரர் கடக்கும் கொங்கு நாட்டு வழியும் அத்தகையதே. திருமுருகன்பூண்டியில் அப்பொருளைச் சிவனின் பூதங்கள் வேடர் வடிவில் பறித்துக்கொண்டதாகச் சொல்வதில், அந்த வழி வணிகருக்கும் பாணருக்கும் எவ்வளவு ஆபத்தானது என்ற நினைவு மறையாமல் நிற்கிறது.

ஆகவே பெரியபுராணத்துச் சேரமான் கொடுங்கல்லூரின் நினைவு மட்டும் அல்லர். காவிரிக்கரைச் சைவர் தம் சமயத்தின் நிலப்பரப்பு மேலைக்கடல் வரை நீண்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த எண்ணத்தைத் தாங்கும் தூண் அவர். வாள் பிடித்த இடத்தை நட்பு பிடித்ததாகச் சொல்லும்போது, வென்றவரின் நினைவு வேலை செய்கிறது என்பதையும் மறக்கலாகாது. நமக்கு இக்கதையைப் பாதுகாத்துத் தந்தது சோழநாடு.

4. மறு கரையில் அதே புறப்பாடு

இனி மலையாள மரபு. 'கேரளோற்பத்தி' பல பாடவேறுபாடுகளோடு வழங்கிய நூல். 1843இல் மங்களூரில் குண்டர்ட் அதை அச்சிட்டார். அதில் வரும் கடைசிப் பெருமாள் நாட்டைத் தம்மைச் சார்ந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மக்கா செல்கிறார். கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு வாளும், ஒரு கோழி கூவினால் கேட்கும் அளவு நிலமும் கிடைத்ததாகக் கதை. மலபார் முஸ்லிம்களின் மரபில் இக்கதை இன்னும் நீள்கிறது. மன்னர் அரபு நாட்டில் மறைகிறார். மறையுமுன் மலபார் ஆட்சியாளர்களுக்குக் கடிதங்கள் எழுதித் தருகிறார். அவற்றோடு கடல் கடந்து வந்த மாலிக் இப்னு தீனார் முதலியோர் கொடுங்கல்லூர் தொடங்கிப் பள்ளிவாசல்கள் அமைக்கின்றனர்.

கதையின் எலும்புக்கூட்டை முன்னதோடு ஒப்பிடுங்கள். மன்னர் கொடுங்கல்லூரிலிருந்து புறப்படுகிறார்; எட்டாத ஓரிடம் செல்கிறார்; திரும்புவதில்லை; ஆனால் அவர் சென்ற இடத்திலிருந்து எழுத்து ஒன்று கடல் வழியாக வந்து சேர்கிறது. ஒரு மரபில் அது பதிகம், மறு மரபில் அது கடிதம். எது எதைப் பார்த்து எழுந்தது என்று தேடுவதைவிட, ஒரு துறைமுக நகரம் தனக்குரிய புனிதமான அனைத்தும் கடல் வழி வந்தவை என்று நினைவுகொள்வது இயல்பே என்று காண்பது பயனுள்ளது.

இரு மரபுகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்குச் சான்று ஓர் அரபு நூலில் உண்டு. பொன்னானியின் ஷெய்க் சைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய செய்தியைச் சொல்கிறது. உடனே, அது நபிகளின் காலத்திலேயே நடந்தது என்ற பொது நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி இருநூறுக்குப் பிற்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார். தம் சமூகத்தின் நினைவைப் போற்றிக்கொண்டே அதன் காலக்கணக்கைத் திருத்திய வரலாற்றாசிரியர் அவர். இன்று 629 என்ற ஆண்டைப் பதிவுதோறும் எழுதுவோர் அவரைப் படித்துப் பார்க்கலாம். அதைவிட வியப்பானது அவர் அடுத்துச் சொல்வது. மன்னர் விண்ணுலகு சென்றார் என்று இந்துக்கள் நம்புகின்றனர். அவர் இறங்கி வருவார் என்ற எதிர்பார்ப்பில் கொடுங்கல்லூரில் ஓரிடத்தில் மரத்தாலான பாதுகையும் நீரும் வைத்து, குறிப்பிட்ட ஓர் இரவைக் கொண்டாடுகின்றனர் என்று குறிக்கிறார். கயிலைப் பயணம் தமிழ்ப் புலவரின் ஏட்டில் மட்டும் இருந்த செய்தி அன்று, 16ஆம் நூற்றாண்டு வரை கொடுங்கல்லூரின் சடங்கிலும் ஒரு வடிவில் வாழ்ந்தது என்பதற்கு ஒரு முஸ்லிம் அறிஞரே நமக்குச் சாட்சி.

இப்போது பங்கீட்டைச் சோதிப்போம். நினைவு எங்கே செய்தியாக நிற்கும், எங்கே நிற்காது என்பதை அறிய இது நல்ல இடம். கேரளோற்பத்தி சொல்வதுபோல் நாடுகள் ஒரே நாளில் ஒரு மன்னரின் கையால் உண்டாயினவா? இல்லை. சேரப் பெருமாள் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (849) வேணாட்டை ஆளும் அய்யனடிகள் இருக்கிறார். பெருமாள்களின் ஆட்சி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நாட்டுடையவர்கள் இருந்தனர். எனவே செய்தியாக, பங்கீடு நிற்கவில்லை. ஆனால் பெருமாள் மறைந்தபின் அவ்விடத்தில் இன்னொரு பேரரசர் எழவில்லை. எஞ்சிய சிற்றரசர் ஒவ்வொருவருக்கும் 'உன் உரிமை எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது. தோற்றோ இறந்தோ போன மன்னரிடமிருந்து உரிமை பெற முடியாது. தாமே மனமுவந்து கொடுத்துவிட்டுச் சென்றவரிடமிருந்து பெறலாம். அவர் திரும்பி வராததும் தேவை. வந்தால் கொடுத்ததைக் கேட்பார். திரும்பாத மன்னர் என்ற உருவம் இந்த அரசியல் தேவைக்கு அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகிறது.

5. ஒருவரையொருவர் அறியாத இரு பெருமாள்கள்

இதுவரை நினைவில் உள்ளதைப் பேசினோம். நினைவு விட்டுவிட்டதையும் பார்க்க வேண்டும். அதற்கு வைணவ மரபுக்கு வருவோம்.

குலசேகராழ்வாரும் சேர மன்னர்; குருபரம்பரை நூல்கள் அவரையும் திருவஞ்சைக்களத்தோடு இணைக்கின்றன. அந்நூல்கள் சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. இராமாயணம் கேட்கும்போது, பதினாலாயிரம் அரக்கரை இராமன் தனியே எதிர்த்தான் என்ற இடம் வந்ததும், உதவிக்குச் செல்லத் தம் படையைத் திரட்டினார் என்பது ஒன்று. அரண்மனையில் அடியார்கள் நிறைந்திருப்பதைப் பொறாத அமைச்சர்கள் ஓர் அணியை மறைத்து வைத்து அவர்கள்மேல் திருட்டுப் பழி சுமத்த, மன்னர் பாம்பிட்ட குடத்தில் கையை விட்டு அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நிறுவினார் என்பது மற்றொன்று.

குடத்துப் பாம்பின் கதையைச் சேரமானின் வண்ணார் கதையோடு சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். இரண்டிலும் அரசனும் அடியாரும் எதிரெதிரே நிற்கும் கணமே மையம். இரண்டிலும் கேள்வி ஒன்றே: அடியார் என்று ஒருவரை அறிவது எப்படி? சைவக் கதையில் வேடமே போதும். அது உவர்மண்ணாகவே இருந்தாலும், தாம் வெறும் வண்ணான் என்று அவர் அஞ்சிச் சொன்னாலும், தாமும் அவ்வாறே தாழ்ந்த சேரன்தான் என்று சொல்லி மன்னர் வணக்கத்தைத் திரும்பப் பெறுவதில்லை. வைணவக் கதையில் அடியார்மேல் ஐயம் எழுகிறது. அதைத் தீர்க்க மன்னர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். அடியார் கூட்டத்தைப் பேணுவதை அரண்மனை முழுதும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை என்ற உணர்வு, இக்கதையைச் சொன்னவர்களிடம் இருந்திருக்கிறது. அமைச்சர்கள் இருந்தார்களா, குடம் இருந்ததா என்பதை நாம் அறிய முடியாது. அரசின் கொடையை நம்பி வாழும் ஒரு சமூகத்தின் அச்சத்தை மட்டும் இக்கதையில் கேட்க முடிகிறது.

எம். ஜி. எஸ். நாராயணன் தம் 'பெருமாள்ஸ் ஆஃப் கேரளா' (1996) என்ற ஆங்கில நூலில், 9ஆம் நூற்றாண்டின் இராசசேகரரே சேரமான் பெருமாள் நாயனார் என்றும், அவரை அடுத்து வந்த தாணு இரவி குலசேகரரே குலசேகராழ்வார் என்றும் இனங்கண்டார். இது பெயர்களையும் காலத்தையும் கொண்டு செய்த உய்த்துணர்வு; எல்லோரும் ஏற்ற முடிபு அன்று. ஆயினும் அதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டு பாருங்கள். ஒரே நகரம்; ஒரே அரசகுடி; அடுத்தடுத்த இரண்டு மன்னர்கள்; இருவரும் தமிழில் பாடியவர்கள். பெரியபுராணத்தில் குலசேகரர் இல்லை. குருபரம்பரையில் சேரமான் நாயனார் இல்லை.

இனங்காணலை ஏற்காவிட்டாலும் செப்பேடுகள் இருக்கின்றன. இராசசேகரரின் வாழப்பள்ளிச் செப்பேடு வழக்கமான மங்கலச் சொல்லுக்கு மாறாகச் சிவவணக்கத்தோடு தொடங்குகிறது. தாணு இரவியின் காலத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடோ கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைச் சொல்வது. அதில் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையெழுத்துகள் உள்ளன. பெருமாள்களின் காலத்து மேலைக்கடற்கரை இதுதான். சிவபத்தியும் திருமால் பத்தியும், பள்ளியும் வணிகக் குழுவும் ஒரே அரசின்கீழ் இருந்தன. பின்னர் வந்த ஒவ்வொரு சமூகமும் அந்த அரசிலிருந்து தனக்கென ஒரு பெருமாளை வெட்டி எடுத்துக்கொண்டது. வெட்டிய பின் எஞ்சிய துணி யாருக்கும் நினைவில் இல்லை.

6. இந்த வாசிப்பின் எல்லை

'சமூக நினைவு' என்று சொல்லிவிட்டால் எல்லாக் கதைக்கும் நற்சான்று வழங்கியதாகாது. நினைவுக்கும் உடைமையாளர் உண்டு. சேரமானை வணங்கச் செய்த வண்ணாருக்குச் சேக்கிழாரிடம் பெயர் இல்லை. அந்த ஒரு கணத்துக்குப் பின் கதையில் இடமும் இல்லை. மன்னர் விண்ணில் மறைந்ததும் அவருடைய வீரர்கள் வாளால் தம்மை மாய்த்துக்கொண்டு, அவருக்கு முன்னே சென்று பணிபுரிந்தனர் என்று புராணம் சொல்கிறது. அரசனோடு உயிர்விடும் படைவழக்கம் பற்றிய நினைவாக அது இருக்கலாம். ஆனால் அவ்வீரர்களின் வீட்டார் அதை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு நம்மிடம் ஏடு இல்லை. ஏடு எழுதும் வசதி பெற்றவர்களின் நினைவே நம் கைக்கு வந்திருக்கிறது.

இன்னோர் எல்லையும் உண்டு. இக்கதைகளிலிருந்து ஆண்டுக்கணக்கு எடுக்க முயன்றால் அநேகமாகத் தவறுவோம். பங்கீட்டைச் செப்பேட்டோடும், கயிலைப் பயணத்தைத் தஞ்சைச் சுவரோடும் வைத்துப் பார்த்ததுபோல், காலம் அறியப்பட்ட வெளிச்சான்று ஒன்றோடு ஒப்பிட முடிந்த இடத்தில் மட்டுமே காலம் பேசலாம். அச்சான்றுகூடக் கதை நடந்ததா என்று சொல்லாது. கதை எப்போதைக்குள் இருந்தது என்றுதான் சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே நம் பதிவுகளில் அடிக்கடி நேரும் பிழை.

அஞ்சைக்களத்துக் கோயிலில் சுந்தரரும் சேரமானும் ஒரே இடத்தில் எழுந்தருளியிருக்கின்றனர். ஆடிச் சுவாதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து அடியார்கள் அங்கே வருகின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவில், அதே மன்னரின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மெய்ப்பிக்க மற்றொன்றை இடிக்க வேண்டும் என்று சொல்பவர், அடியார் வரலாற்றை வாழ்க்கை வரலாறாக மட்டுமே படிக்கக் கற்றவர். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் போக முடியாதுதான். ஒரு நாட்டின் வெறுமையான அரியணையை இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாக நினைவுகூர முடியும். சேரநாட்டில் நடந்தது அதுவே.